வாய்ஸ்மெயிலில் எண்ணை எங்கே சொல்வது? மூன்று செய்திகள் அருகருகே

டொரோண்டோவில் வேலை தேடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பஸ்ஸில் இருக்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும், எடுக்க முடியாது. இறங்கித் திருப்பி அழைத்தால் வாய்ஸ்மெயில்தான் கிடைக்கும். பீப் சத்தம் கேட்டதும் பேச வேண்டும், எழுதி வைத்த தாள் எதுவும் கையில் இருக்காது.

என் சித்தியின் மகள் ஸ்கார்பரோவுக்கு வந்த முதல் வருடம், கணக்குப் பிரிவு உதவியாளர் வேலை ஒன்றுக்கு இப்படித்தான் செய்தி விட்டாள். யாரும் திருப்பி அழைக்கவில்லை. அவர்களுக்கு என்ன சொன்னாயோ அதையே என் போனிலும் ஒருமுறை சொல் என்றேன். பதிவைக் கேட்டுக்கொண்டே எண்ணை எழுதப் பார்த்தேன், என்னாலேயே முடியவில்லை. அன்று இரவே அதே செய்தியை வேறு இரண்டு விதமாகப் பதிந்து, மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். பேசியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன். பெயரும் எண்ணும் உதாரணத்துக்கு மட்டும்.

அவள் முதலில் விட்ட செய்தி இது:

"வணக்கம், என் பெயர் நந்தினி. காலையில் அழைத்திருந்தீர்கள், பஸ்ஸில் இருந்ததால் எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம். கொழும்பில் நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். என் எண் ஃபோர் ஒன் சிக்ஸ் ட்ரிபிள் ஃபைவ் ஸீரோ ஒன் ஃபோர் செவன். நன்றி."

மரியாதையான செய்திதான். ஆனால் எண் கடைசியில், ஒரே ஒரு முறை, அதுவும் முடித்துவிடும் அவசரத்தில் வருகிறது. ஓர் இலக்கம் தவறினால் கேட்பவர் செய்தி முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். விண்ணப்பங்கள் குவிந்த மேசையில் இருப்பவர் அதைச் செய்யாமலே போகலாம். அப்புறம் அந்த "ட்ரிபிள் ஃபைவ்". நமக்கு அது இயல்பு. இங்கே பெரும்பாலும் ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்வார்கள். "ட்ரிபிள்" என்று கேட்டதும் எழுதும் கை ஒரு கணம் நிற்கும், அதற்குள் அடுத்த இரண்டு இலக்கங்கள் போய்விடும்.

இரண்டாவதாக எண்ணை முன்னால் வைத்துப் பார்த்தோம். "416-555-0147, இது நந்தினி, உங்கள் அழைப்புக்குப் பதில் அழைக்கிறேன்" என்று தொடங்கி, பத்து விநாடியில் முடிந்துவிட்டது. திரும்பக் கேட்பது சுலபம், ஆரம்பத்திலேயே எண் கிடைக்கும். ஆனால் முதல் முறை கேட்கும்போது யாருக்கும் பேனா கையில் இருக்காது. யார் பேசுவது என்று புரிவதற்குள் எண் முடிந்துவிடுகிறது. உங்கள் அழைப்புக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் இது போதும். முதல் தொடர்புக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, நாங்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது:

"வணக்கம், என் பெயர் நந்தினி. கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்று திங்கள் காலை நீங்கள் அழைத்ததற்குப் பதில் அழைக்கிறேன். என் எண் 416… 555… 0147. நாளை, செவ்வாய் 14ஆம் தேதி, டொரோண்டோ நேரம் காலை 10 முதல் 12 வரை, அல்லது புதன் 15ஆம் தேதி மதியம் 2 முதல் 5 வரை என்னை எளிதாகப் பிடிக்கலாம். மறுபடியும், நந்தினி, 416… 555… 0147. நன்றி."

அரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. முதல் முறை எண் வரும்போது கேட்பவர் பேனாவைத் தேடுவார், இரண்டாம் முறை எழுதியதைச் சரிபார்ப்பார். பெயரும் எண்ணும் ஒன்றாகக் கடைசியில் நிற்பதால், விண்ணப்பத்தைத் தேடி எடுப்பதும் எளிது. கொழும்பு அனுபவம் போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம். அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது, இங்கே இடத்தை அடைக்க வேண்டாம் என்றேன்.

எண்ணை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துச் சொல்வதில்தான் அதிக நேரம் பழகினோம். இந்தியாவில் ஐந்து ஐந்தாகச் சொல்லிப் பழகியவர்களுக்கும் இது தடுக்கும். கனடாவில் கண்ணும் காதும் எதிர்பார்ப்பது இந்தப் பிரிப்பைத்தான். 416ஐ விட்டுவிடவும் முடியாது, டொரோண்டோவில் 647, 437 எண்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் பின் ஒரு மூச்சு விடும் இடைவெளி போதும். பழைய தொலைபேசித் தடங்கள் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். எஃப், எஸ் போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மையான ஒலி அதற்கு மேலே இருப்பதால் அடிபட்டுப்போகும். ஃபைவ், நைன் இரண்டுக்கும் நடு ஒலி ஒன்றே என்பதால் அவையும் குழம்பும். விமானிகள் ஒன்பதை "நைனர்" என்று சொல்வது இதற்காகத்தான். நாம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை, அந்த இரண்டு இலக்கங்களிலும் கொஞ்சம் நின்றால் சரி.

நேரத்தைச் சொல்வதிலும் பல விதம் உண்டு. "எப்போது வேண்டுமானாலும்" என்பது பணிவாகத் தோன்றும், ஆனால் அது உண்மையில்லை. அவள் அப்போது ஒரு கடையில் ஷிஃப்ட் வேலை பார்த்தாள், போன் லாக்கரில் இருக்கும். அந்த நேரத்தில் அழைத்தவர் மறுபடி வாய்ஸ்மெயிலைத்தான் கேட்பார். "நாளை 10 மணிக்கு" என்று ஒரே நேரம் சொல்வதும் ஆபத்து, அவருக்கு அப்போது கூட்டம் இருந்தால் எல்லாம் கெட்டுவிடும். இரண்டு நாள், இரண்டு இடைவெளி, ஒன்று காலை, ஒன்று மாலை என்று வைத்தால் ஏதாவது ஒன்று பொருந்தும். வெறும் "நாளை" போதாது. திங்கள் மாலை விட்ட செய்தியை அவர் செவ்வாய் மதியம் கேட்டால், அவருக்கு "நாளை" என்பது புதன்.

நேர மண்டலம் சொல்வதை நான் முதலில் அதிகப்படி என்று நினைத்தேன். ஆனால் பணியமர்த்தும் பிரிவு வான்கூவரில் இருந்தால் கணக்கு மாறுகிறது. கோடைக்காலத்தில் அங்கே நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால். டொரோண்டோ காலை 10 அப்போது அங்கே காலை 7. நீங்கள் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் அவர்கள் அலுவலகம் திறந்திருக்காது. அப்படி இருந்தால் உங்கள் மதியம் 12க்குப் பிந்தைய நேரத்தைக் கொடுங்கள், இரண்டு இடத்து நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

அழைப்பு வந்த எண் அவர்கள் திரையில் தெரியுமே என்று நம்பி எண்ணைச் சொல்லாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். அண்ணன் போனில் இருந்தோ நண்பர் வீட்டில் இருந்தோ அழைத்திருந்தால், திரையில் தெரிவது உங்கள் எண் அல்ல.

சோதிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பதிந்து, வீட்டில் உங்கள் எண்ணை மனப்பாடமாகத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரே முறை கேட்டு எழுதச் சொல்லுங்கள். எண்ணும் நாளும் தவறில்லாமல் தாளில் வந்தால் செய்தி தயார்.

செய்தி விட்டபின் போனையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனில், iOS 26க்கு முன் Silence Unknown Callers என்று இருந்த, தெரியாத எண்களின் மணியை அடக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், தொடர்புப் பட்டியலில் இல்லாத, நீங்கள் சமீபத்தில் அழைக்காத அலுவலக எண் மணி அடிக்காமல் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு இடைவெளிகளிலாவது அதை அணைத்து வையுங்கள். உங்கள் வாய்ஸ்மெயில் பெட்டி நிரம்பியிருந்தால் பழையவற்றை அழித்துவிடுங்கள். தங்கையின் பெட்டியில் புதிய செய்திக்கு இடமே இருக்கவில்லை, அதை அன்று இரவுதான் கண்டுபிடித்தோம்.