கீசர் கையேட்டுத் தமிழ்: வரிக்கு வரியா, வேலை வரிசைப்படியா?

15 லிட்டர் கீசர் ஒன்றைச் சுவரில் மாட்டி முதல் முறையாக ஓடவிடுவதில் மொத்தம் ஏழெட்டு வேலைதான். அவற்றில் ஒன்று மட்டும் இடம் மாறினால் போதும், காயில் போய்விடும். தொட்டி நிரம்பும் முன்பே சுவிட்சைப் போடுவதுதான் அந்தத் தவறு. காயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாததால் காயில் தானே எரிகிறது. சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்த உள்ளே இருக்கும் சாதனம் சில சமயம் முந்திக்கொள்ளும், சில சமயம் முந்தாது. எனவே கீசரோடு வரும் ஆங்கிலக் கையேட்டின் தமிழாக்கம் சரியா என்று பார்க்க, இந்த வேலைகளைச் சொல்லும் ஒரு பக்கத்தைப் படித்தாலே போதும்.

இதைத் தமிழாக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, வரிக்கு வரி. மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஆங்கில வாக்கியங்கள் தனித்தனிக் கட்டங்களில் நிற்கும், எதிர்க் கட்டத்தில் தமிழை நிரப்ப வேண்டும். சொல் கணக்கில் கூலி தரும் நிறுவனங்களுக்கு இது வசதி. முந்தைய கையேட்டில் இருந்த வாக்கியம் திரும்ப வந்தால் மென்பொருளே பழைய தமிழை எடுத்துப் போட்டுவிடும். மற்றது, வேலை வரிசைப்படி. பகுதி முழுவதையும் படித்து, கை எதை முதலில் தொடுகிறது, எதை அடுத்துத் தொடுகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு, அந்தப் பட்டியலிலிருந்து தமிழை எழுதுவது. இதற்கு நேரம் அதிகம் ஆகும், கூலி பெரும்பாலும் அதேதான்.

இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது ‘முன்’ என்ற சின்னச் சொல்லில் தெரியும். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றே தொடங்கும். முதலில் செய்ய வேண்டியது வாக்கியத்திலும் முதலில் நிற்கிறது. அதை அப்படியே தமிழாக்கினால் “மூடியைக் கழற்றும் முன் சுவிட்சை அணைக்கவும்” என்று வரும். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்டூலில் ஏறி, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘மூடியைக் கழற்று’ என்பதுதான். வேலை வரிசைப்படி எழுதினால் இப்படி வரும்: “சுவிட்சை அணைக்கவும். ப்ளக்கைக் கழற்றவும். அதன் பிறகே மூடியைத் திறக்கவும்.”

வேடிக்கை என்னவென்றால், ‘ஆஃப்டர்’ வரும் ஆங்கில வாக்கியங்கள் தமிழில் தாமாகவே சரியாகிவிடும். “சுவிட்சை அணைத்த பின் மூடியைத் திறக்கவும்” என்பதில் வரிசை கெடவில்லை. ஆகவே எல்லா வாக்கியங்களையும் உடைத்து எழுதத் தேவையில்லை. கோப்பு கைக்கு வந்ததும் ‘பிஃபோர்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’ மூன்றையும் தேடி, அவை வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால் ஆபத்தான வாக்கியங்களில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும்.

‘அன்டில்’தான் நம் கீசருக்குக் கண்டம். வரிக்கு வரி செய்தால், “சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வரும் வரை சாதனத்தை இயக்காதீர்கள்.” இங்கே எச்சரிக்கை முழுவதும் கடைசிச் சொல்லின் நடுவில் இருக்கும் ‘-ஆதீர்-’ என்ற துணுக்கில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் ‘டூ நாட்’ வாசலிலேயே நின்று தடுக்கும், தமிழில் தடை கொல்லைப்புறத்தில் நிற்கிறது. அவசரத்தில் படிப்பவர் கடைசிச் சொல் வரை போவார் என்று நம்ப முடியாது. தட்டச்சில் அந்தத் துணுக்கு ‘-உங்-’ என்று மாறி “இயக்குங்கள்” ஆகிவிட்டால் பொருள் தலைகீழ். எனவே படியில் நேர்ச் சொல்லாகவும், படிக்கு மேலே உள்ள கட்டத்தில் தடையாகவும் இரண்டு முறை சொல்வதுதான் நல்லது:

எச்சரிக்கை: தொட்டி நிரம்பாமல் சுவிட்சைப் போடக் கூடாது. போட்டால் காயில் எரிந்துவிடும்.

4. நீல வளையம் உள்ள குழாயின் வால்வைத் திறக்கவும். தண்ணீர் தொட்டிக்குள் ஏறும்.
5. குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திறந்து வைக்கவும். முதலில் காற்று வரும், பிறகு தண்ணீர் விட்டு விட்டு வரும்.
6. தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகு குழாயை மூடவும்.
7. இப்போதுதான் சுவிட்சைப் போடவும்.

ஆறாம் படியில் “இரண்டு நிமிடம் காத்திருக்கவும்” என்று ஆங்கிலத்தில் இருந்தால் அதை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதுவது நல்லது. சென்னையில் மாடி வீட்டுக் குளியலறைக்கு நேர் மேலே சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் தண்ணீர் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும், நிரம்ப வெகுநேரம் ஆகும். நிமிடம் ஏமாற்றும். குழாயில் வரும் தண்ணீர் ஏமாற்றாது.

நான்காம் படியையும் ஏழாம் படியையும் பாருங்கள். வால்வைத் ‘திறக்கிறோம்’, சுவிட்சைப் ‘போடுகிறோம்’. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘டர்ன் ஆன்’. வரிக்கு வரி செய்யும்போது இரண்டு இடத்திலும் “இயக்கவும்” என்றே வந்துவிடக்கூடும். தண்ணீரை இயக்கு, பிறகு கீசரை இயக்கு. எது முன்னால் எது பின்னால் என்பதே உயிர்நாடியாக இருக்கும் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருந்தால் வரிசை கண்ணில் படாது.

தடையைச் சொல்லும் சொல்லிலும் தேர்வு உண்டு. “வேண்டாம்” நாகரிகமாக இருக்கிறது, அதனாலேயே பலரும் எடுக்கிறார்கள். ஆனால் “வால்வைத் தொட வேண்டாம்” என்பதைத் ‘தொடக் கூடாது’ என்றும் படிக்கலாம், ‘தொடத் தேவையில்லை’ என்றும் படிக்கலாம். “தவிர்க்கவும்” இன்னும் நழுவும், முடிந்தால் செய், முடியாவிட்டால் பரவாயில்லை என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. உடம்புக்கு ஆபத்து வரும் இடங்களில் “கூடாது” ஒன்றுதான் வழுக்காமல் நிற்கிறது. பொருளுக்கு மட்டும் கேடு வரும் இடங்களில் “வேண்டாம்” இருக்கட்டும். கையேடு முழுவதும் இந்தப் பிரிவினை மாறாமல் இருந்தால் வாசகருக்கே ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

எச்சரிக்கைக் கட்டங்களின் தலைப்புச் சொற்களுக்கும் அதே கதைதான். பாதுகாப்பு அறிவிப்புகளுக்கான அமெரிக்க ஏஎன்எஸ்ஐ இசட்535 வரிசைத் தரங்களில் ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் சாவோ பலத்த காயமோ நிச்சயம். ‘வார்னிங்’ என்றால் அப்படி நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறு காயம் அல்லது நடுத்தரக் காயம். ‘நோட்டிஸ்’ பொருள் சேதத்துக்கு. தமிழில் முதல் இரண்டும் பல கையேடுகளில் எச்சரிக்கை, எச்சரிக்கை என்றே வந்துவிடுகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் பார்த்துப் பழகிய ‘அபாயம்’ முதலாவதற்குச் சரியாகப் பொருந்தும். பிறகு எச்சரிக்கை, கவனம், குறிப்பு என்று இறங்கலாம். இந்தக் கணக்கைக் கறாராகப் பிடித்தால், காயில் மட்டுமே எரியும் மேலேயுள்ள கட்டத்துக்குக் ‘குறிப்பு’தான் தலைப்பு, ‘வேண்டாம்’தான் தடைச் சொல். ஆனால் ‘குறிப்பு’ என்றால் நம்மவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மூல ஆங்கிலத்தில் ‘வார்னிங்’ என்று இருந்தால் அதைக் குறைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. ‘நோட்டிஸ்’ என்று இருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு உயர்த்தலாம். ‘ஜாக்கிரதை’ வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்தாலே வாசல் கேட்டும் நாயும்தான் நினைவுக்கு வரும்.

“மின் இணைப்பைத் துண்டிக்கவும்” என்பது வரிக்கு வரித் தமிழின் இன்னொரு பிள்ளை. சென்னைவாசிக்கு மின் இணைப்புத் துண்டிப்பு என்றால் பில் கட்டாத வீட்டில் ஈபிக்காரர் வந்து செய்வது. இங்கே சொல்ல வந்தது ப்ளக்கைக் கழற்றுவதை. ஒயர் நேரடியாக இணைக்கப்பட்ட கீசர் என்றால் வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பெட்டியில் அதற்கான எம்சிபி சுவிட்சை இறக்குவதை. சுவிட்சை அணைத்தால் போதும் என்றும் எழுத முடியாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் இருக்கும்.

அடுத்தது, பாதுகாப்பு வால்வின் கழிவுக் குழாய். சேமிப்பு வகை வாட்டர் ஹீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60335-2-21-இன்படி, அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டலாம் என்பதையும் குழாய் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பதையும் கையேடு சொல்லியாக வேண்டும். இது வரிக்கு வரியில் “வளிமண்டலத்திற்குத் திறந்த நிலையில் விடப்பட வேண்டும்” என்று வந்து நிற்கும். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் சொட்டுவது கண்ணில் படும், எரிச்சலாக இருக்கும், ஒரு நாள் எண்ட் கேப் வாங்கி மாட்டிவிடுவார். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது, விரிந்த அளவு இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியை அடைத்தால் அழுத்தம் தொட்டிக்குள்ளேயே ஏறித் தொட்டி வெடிக்கலாம். “இந்தக் குழாயில் தண்ணீர் சொட்டும், அது பழுதல்ல. குழாயின் வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் தொட்டி வெடிக்கலாம்.” சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை, வளிமண்டலம் மட்டும் போய்விட்டது. உப்பு படிந்து வால்வு அடைபடாமல் இருக்க அதை அவ்வப்போது இயக்கிப் பார்க்கச் சொல்லும் வரியும் இதே தரத்தில் உண்டு. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு அது ஒப்புக்குப் போடும் வரி அல்ல.

அதற்காக வரிக்கு வரியைத் தூக்கிப் போட முடியாது. உத்தரவாத நிபந்தனைகள், வாட்டேஜ் அட்டவணை, குழந்தைகள் பயன்பாடு பற்றித் தரம் விதிக்கும் வாசகம் ஆகியவற்றில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ கூடாது. அங்கே மென்பொருளின் நினைவகம் நன்றாகவே உழைக்கிறது. வேலை வரிசைப்படி எழுதுவதிலும் ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்தின் ஒரு படியை இரண்டாக உடைத்தால் அதற்குப் பிறகுள்ள எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். படத்தில் உள்ள ‘5’ வேறொரு வேலையைக் காட்டும், பின்பக்கத்தில் “படி 6-ஐப் பார்க்கவும்” என்பது தவறான இடத்துக்கு அனுப்பும். எண்ணைத் தொடாமல் 4அ, 4ஆ என்று உடைப்பதே வழி. தமிழ் வரிகள் நீளும் என்பதால், எச்சரிக்கைக் கட்டம் ஒரு பக்கத்திலும் அதன் படி மறுபக்கத்திலும் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுமாறு வடிவமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படங்களை மட்டும் போட்டுத் தப்பிக்கலாம் என்பவர்களும் உண்டு. எதைத் திறப்பது என்பதைப் படம் காட்டிவிடும், ‘அதன் பிறகே’ என்பதைக் காட்டாது.

சரிபார்ப்பிலும் இதே இரண்டு கட்சி. தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது விட்டுப்போன வரியையும் மாறிப்போன ‘-ஆதீர்-’ஐயும் பிடிக்கும். ஆனால் “மூடியைக் கழற்றும் முன்” அதில் பிழையே இல்லாமல் தேறிவிடும், “வேண்டாம்” கூடத் தேறிவிடும். இன்னொரு முறைக்குக் கத்தரிக்கோல் போதும். எண்களை நீக்கிவிட்டுப் படிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டி, கீசர் மாட்டியே பழகாத நாலைந்து பேரிடம் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்ல வேண்டும். பிளம்பரிடம் கொடுத்துப் பயனில்லை, அவர் வாக்கியத்தைப் படிக்காமல் அனுபவத்தில் அடுக்கிவிடுவார். ‘சுவிட்சைப் போடவும்’ சீட்டு இரண்டு பேர் கையில் நான்காவதாக வந்தால், பிழை அந்தச் சீட்டில் இருக்காது. அதற்கு முன்னால் வர வேண்டிய சீட்டில் எதைப் பார்த்து அடுத்த படிக்குப் போவது என்ற அடையாளம் இருக்காது. திருத்த வேண்டியது அங்கேதான்.