பே லேட்டரில் ஒரு தவணை தவறினால்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

பொருளை இப்போது வாங்கிக்கொண்டு விலையைப் பிறகு தவணைகளில் கட்டும் பே லேட்டர் வசதியில் புதிய கைபேசி ஒன்றை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஓராண்டுக்கும் மேலாக அந்த வசதியைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் சில நிமிடங்களில் கிடைத்தது. வட்டி இல்லை என்று சொன்னார்கள். தவணைகள் ஒழுங்காகச் சென்ற மாதங்களில் ஒரு ரூபாய்கூட வட்டியாகப் பிடிக்கவில்லை. 18,000 ரூபாய்ப் பொருளை, மாதம் 3,000 வீதம் ஆறு தவணைகளில், பொருளின் விலைக்கு மேல் எதுவும் தராமல் வாங்க முடிவது மாதச் சம்பளக்காரர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

சிக்கல் மூன்றாவது தவணையில் தொடங்கியது. அந்த மாதம் அலுவலகத்தில் சம்பளம் தாமதமாக வந்ததால், தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள நான் தந்திருந்த மேண்டேட் வழியாக 3ஆம் தேதி பணம் எடுக்க வந்தபோது கணக்கில் போதிய இருப்பு இல்லை. இப்படிப் பவுன்ஸ் ஆகும்போது இரண்டு இடங்களில் பணம் போகிறது. வங்கி தன் பங்குக்கு 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 590 ரூபாய் பிடித்தது. கடன் தந்த நிறுவனம் 450 ரூபாய் அபராதம் போட்டது. சில நிறுவனங்கள் அதே மாதத்தில் மேண்டேட்டை மறுபடியும் அனுப்புவதுண்டு. அதுவும் திரும்பினால் வங்கிக் கட்டணம் இன்னொரு முறை விழும்.

இதுவரை நடந்ததில் எனக்குக் குறை இல்லை. தவணை தவறினால் கட்டணம் உண்டு என்பது தெரிந்த செய்திதான். என்னைக் கொதிக்க வைத்தது அதன்பின் நடந்தது. சம்பளம் வந்ததும், ‘தவணை 3,000 ரூபாய் நிலுவையில் உள்ளது’ என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி அந்தத் தொகையை அப்படியே செயலியில் செலுத்தினேன். அவர்களோ அதில் 450 ரூபாயை முதலில் அபராதத்திற்கு எடுத்துக்கொண்டு, மீதி 2,550 ரூபாயை மட்டுமே தவணையில் வரவு வைத்தார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் மூன்றாவது தவணை இன்னும் முழுமையடையவில்லை. அடுத்த மாதம் மேண்டேட்டில் 3,000 ரூபாய் குறித்த நாளிலேயே சென்றது. அதில் 450 ரூபாய் பழைய குறையை அடைக்கப் போனதால் நான்காவது தவணையில் 450 ரூபாய் குறைந்தது, அதற்கு மறுபடியும் 450 ரூபாய் அபராதம். ஒரு பவுன்ஸுக்குப் பிறகு மாதம் தவறாமல் 3,000 ரூபாய் கட்டும் ஒருவர், கணக்கைத் திறந்து பார்க்காமலே இருந்தால், ஆறாவது தவணை முடியும்போது நான்கு அபராதங்களாக 1,800 ரூபாய் பாக்கி வைத்திருப்பார். வட்டியில்லாக் கடன் என்று சொல்லப்பட்டதன் மீது அது பத்து சதவீதம். இதற்கிடையில் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கணக்கு நிலுவையில் இருப்பதாகவே பதிவாகும். எனக்கு அப்படித்தான் பதிவானது.

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடத்தில் முக்கியமானது. அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது, கட்டணம் தவறின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், தவணை தவறியதை நினைவூட்டும் செய்தியிலேயே அதற்குரிய அபராதத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எனக்கு வந்த குறுஞ்செய்தியில் அபராதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 450 ரூபாய்க் குறைக்கு 450 ரூபாய் அபராதம் என்பது எந்த வகையில் தவறுக்கு ஏற்ற அளவு? வட்டி போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பணத்தை வரவு வைக்கும் வரிசையைக் கொண்டே அபராதம் அபராதத்தை ஈனும்படி செய்திருக்கிறார்கள். கடன் பெறும்போது தரும் முக்கிய விவர அறிக்கையில் அபராதத் தொகை இருந்தது. இந்த வரிசையோ நீண்ட ஒப்பந்தத்தின் உள்ளே ஒரு பிரிவில் இருந்தது.

செயலியின் முகப்பில் காட்டும் தவணைத் தொகையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடன் கணக்கு அறிக்கையைத் தரவிறக்கி, செலுத்திய பணம் எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பவுன்ஸ் ஆன மாதத்தில் தவணையோடு அபராதத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு, மொத்த நிலுவை பூஜ்யம் என்று அறிக்கையில் வந்ததை உறுதிசெய்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். தொகையை ஏற்க மறுப்பவர்களும் முதலில் கட்டிவிட்டு முறையிடுவதே சிபில் பதிவுக்கு நல்லது. நான் அப்படித்தான் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு எழுதினேன். முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். எனக்கு அந்தத் தேவை வரவில்லை. இரண்டாவது அபராதத்தைத் திருப்பித் தந்தார்கள். வங்கி பிடித்த 590 ரூபாய் போனது போனதுதான்.

மேலே பாராட்டியதில் எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒழுங்காகப் போகும்வரை இதைவிட மலிவான கடன் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சம்பளம் சில மாதங்களில் பிந்துகிறது. அந்த நிறுவனம் எனக்குப் பணத்தைத் திருப்பித் தந்ததே தவிர, வரவு வைக்கும் வரிசையை மாற்றவில்லை.