ஐந்து வருட மளிகை பில்: எங்கள் வீட்டு விலைவாசி எவ்வளவு ஏறியது?

2021லிருந்து 2025 வரை ஒவ்வொரு ஜூலை மாத மளிகை பில்லையும் வைத்து வீட்டுக் கணக்கு பார்த்து வருகிறேன். தீபாவளி, பொங்கல் மாதங்களில் பலகாரச் சாமான் சேர்ந்துவிடும் என்பதால்தான் ஜூலை. கடை பில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிட வேண்டும்.

2021இல் பில் 4,150 ரூபாய், 2025இல் 6,800. பார்த்தால் 64 சதவீத ஏற்றம். ஆனால் அது முழுக்க விலை ஏற்றமில்லை. 2021 பட்டியலில் உள்ள அதே சாமானை அதே அளவில் 2025 விலைக்கு வாங்கினால் 5,350தான் ஆகிறது. அதாவது விலை ஏறியது 29 சதவீதம், வருடத்துக்குச் சுமார் ஆறரை. மீதி 1,450 ரூபாய் பாதாம், ஓட்ஸ், பிள்ளைகளின் நொறுக்குத்தீனி என்று நாங்களாகக் கூட்டிக்கொண்டது. அரசின் நுகர்வோர் விலைக் குறியீடும் இப்படி அளவை மாற்றாமல் விலையை மட்டும்தான் ஒப்பிடுகிறது.

ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்கக் கூடாது, கிலோ விலைதான் கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. எங்கள் அரிசி மூட்டை 1,200லிருந்து 1,612 ஆனது. மூட்டைக் கணக்கில் 34 சதவீதம். கிலோவுக்கு 48லிருந்து 62, அதாவது 29தான். எண்ணெய் பாக்கெட்டில் இதற்கு நேர்மாறு. லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம் இருக்க வேண்டும். பார்க்க அதே போல இருக்கும் பாக்கெட்டில் 850 கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

ஏறிய 1,200 ரூபாயில் 400 இரண்டே சாமானில் போனது. தேங்காய் எண்ணெய் லிட்டர் 220லிருந்து 460, காபித்தூள் அரைக் கிலோ 220லிருந்து 380. 2021 பில்லில் இந்த இரண்டின் பங்கு பத்தில் ஒன்றுதான். சூரியகாந்தி எண்ணெயோ 170லிருந்து 160 ஆகக் குறைந்திருக்கிறது. முதல், கடைசி பில்லை மட்டும் பார்த்தால் இது சாதுவான சாமான் என்று தோன்றும். உக்ரைன் போர் நடந்த 2022இல் அது எகிறியது நடு பில்லில்தான் தெரிகிறது.

அதனால் எல்லாத் தலைப்பிலும் ஒரே சதவீதம் கூட்டும் பழக்கத்தை விட்டுவிட்டோம். அரிசி, பருப்புக்கு வருடம் ஆறரை சதவீதம். எண்ணெய்க்குத் தனியாக மாதம் 150 ரூபாய் ஒதுக்கம். மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குப் போகும். பாதாம் வகையறாவுக்கு 1,450தான் உச்சவரம்பு. தேங்காய் எண்ணெய் அவியலுக்கும் தலைக்கும் மட்டும் என்று அரை லிட்டராகக் குறைத்து, மீதிச் சமையலைக் கடலை எண்ணெய்க்கு மாற்றியதில் மாதம் 130 ரூபாய் மிச்சம். காபியில் மட்டும் கை வைக்கவில்லை.

பால், காய்கறி, கேஸ் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. காய்கறிக்குப் பில் கிடைக்காது என்பதால் அந்த விலைகளைத் தனி நோட்டில் எழுதி வருகிறோம்.