இல்லாத காலில் வலி: குற்றவாளி நரம்பா, மூளையா?

எடுத்த காலின் பெருவிரல் எரிகிறது என்று ஒருவர் சொன்னால் கேட்பவர்களுக்கு உடனே இரண்டு பதில்தான் தோன்றும், ஒன்று "எல்லாம் மனசுல இருக்குது", இன்னொன்று "மூளை இன்னும் மறக்கலை". முதலாவதை விட்டுவிடலாம். கை கால் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது இந்த மாயவலி வருகிறது, அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி மனசு கெட்டுப்போகாது. இரண்டாவதுதான் யோசிக்க வேண்டியது. புத்தகம், பேச்சு, வீடியோ எங்கும் மூளைக்கதைதான் பிரபலம். கோயமுத்தூரில் கால் எடுத்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நரம்பை முழுசாகச் சோதித்துப் பார்க்காமல் மூளை மேல் பழி போடக்கூடாது.

முதலில் மூளைக் கட்சி. தொடுவதை உணரும் மூளைப் பகுதியில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு, கைக்கான இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்துக்கான இடம். கை போனதும் அந்த இடம் சும்மா கிடப்பதால் பக்கத்து முகம் அதைப் பிடித்துக்கொள்கிறது என்பது நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய விளக்கம் (நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான்). கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்ட மாதிரி இருப்பதாக அவரிடம் வந்த சிலர் சொன்னார்கள். 1995ல் ஜெர்மனியில் ஹெர்டா ஃப்ளோரின் குழு கை இழந்த 13 பேரை அளந்து பார்த்ததில், உதட்டுக்கான இடம் எவ்வளவுக்கு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு வலியும் அதிகம் என்று வந்தது. அழகான விளக்கம், கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல கை காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி இல்லாததையும் அசைக்க முயலும் கண்ணாடிப் பயிற்சியும் இந்தச் சிந்தனையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே மூளையைத் திரும்பப் பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது. 2013ல் தமர் மாகின் குழு, இல்லாத கையை அசைக்கச் சொல்லி மூளையைப் படம் எடுத்தபோது, வலி அதிகமாக இருந்தவர்களிடம் கைக்கான இடம் அழியாமல் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. 2025ல் வெளியான ஆய்வு இன்னும் நேரடி: கை எடுக்கப் போகிற மூன்று பேரை அறுவைக்கு முன்பும் பின்பும், ஒருவரை 5 வருடம் வரையும் படம் எடுத்தார்கள். கைக்கான வரைபடம் அப்படியே இருந்தது, உதடு வந்து உட்காரவில்லை. மூன்று பேர்தான், ஆனாலும் முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று அதே ஆளிடம் பார்த்திருக்கிறார்கள், மற்ற ஆய்வுகளில் அது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் இடத்தை ஆக்கிரமித்தான் என்ற கதை இதோடு ரொம்பவே தளர்ந்துபோனது.

சரி, நரம்புக் கட்சி என்ன சொல்கிறது?

வெட்டுப்பட்ட நரம்பு சாவதில்லை. அதன் நுனியிலிருந்து மெல்லிய இழைகள் முளைத்துப் பழைய பாதையைத் தேடும், பாதை இல்லாததால் அங்கேயே சுருண்டு சிக்கிக் கட்டியாகிவிடும். அதைத்தான் நியூரோமா என்கிறோம். அழுத்தினால் கரண்டு அடிக்கும், குளிர் பட்டால் அடிக்கும், சில நேரம் ஒன்றுமே படாமலும் தானாக அடிக்கும். அது ஏன் ஸ்டம்பில், அதாவது எடுத்தபின் மிஞ்சியிருக்கும் பகுதியில், வலிக்காமல் இல்லாத விரலில் வலிக்கிறது என்று கேட்டால், உங்கள் முழங்கை எப்போதாவது கதவு நிலையில் இடித்திருந்தால் யோசித்துப் பாருங்கள், இடித்தது முழங்கையில், ஆனால் சுர்ரென்று ஓடியது சுண்டுவிரலுக்கு. நரம்பை வழியில் எங்கே தொந்தரவு செய்தாலும், அது எங்கிருந்து சேதி கொண்டுவர வேண்டிய நரம்போ அங்கேதான் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். விரல் இருக்கிறதா இல்லையா என்று அது போய்ப் பார்ப்பதில்லை.

நியூரோமாவோடு இது முடியவும் இல்லை. அந்த நரம்புகளின் செல்கள் முதுகெலும்பை ஒட்டி, முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. கீழே கம்பி அறுந்தபின் இந்த முடிச்சுகளும் தாமாகவே சேதி அனுப்பத் தொடங்கிவிடும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணன், பைக் விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தது. செயற்கைக் கால் போட்டு நடப்பார், மத்தியானத்துக்கு மேல் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். வலி என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், மாத்திரையும் அதற்கேற்றபடி வலி என்று மட்டும் பார்த்து எழுதப்பட்டிருந்தது. "எந்தப் பக்கமுங்கண்ணா எரியுது, மேலயா அடியிலயா?" என்று கேட்டபோதுதான் பிரித்துச் சொன்னார். "பகல்ல பாதத்துக்கு மேல கரண்டு அடிக்குதுங்க. ராத்திரியில அது இல்லீங்க, வெரலெல்லாம் உள்ள மடங்கி இறுக்கிக்குது, நகம் குத்துதுங்க தம்பி."

இரண்டு வலி, இரண்டு நரம்பு. பாதத்தின் மேற்புறத் தோலுக்குப் போகும் நரம்பு முழங்காலுக்கு வெளிப்பக்கம், கீழ்க்காலின் சின்ன எலும்பின் தலைக்குக் கீழே தோலை ஒட்டி வளைந்து வருகிறது. உள்ளங்காலுக்கும் விரலை மடக்கும் தசைகளுக்கும் போவது முழங்காலின் பின்பள்ளம் வழியாக இறங்குகிற வேறொரு நரம்பு. அண்ணனின் சாக்கெட்டை, அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்பு உட்காரும் கிண்ணத்தை, கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கம் சரியாக அந்த எலும்புத் தலைக்குக் கீழே சிவந்து தடம் விழுந்திருந்தது. அங்கே விரல் நுனியால் லேசாகத் தட்டியதும் இல்லாத பாதத்தின் மேல் கரண்டு. டாக்டர் அல்ட்ராசவுண்டு பார்த்து அதே நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார், கால் மணி நேரத்தில் தட்டினாலும் ஒன்றுமில்லை. மடங்கிய விரல்கள் மட்டும் மடங்கியபடியே.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, ஊசிக்கு அடங்காதது மூளையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மரத்துப்போனது மேற்புறத்து நரம்பு, விரல் மடங்குவது இன்னொரு நரம்பின் கணக்கு, அதைத் தொடவே இல்லையே. இன்னொரு நாள் முழங்காலுக்குப் பின்னால் அந்த நரம்பையும் மரக்கச் செய்தபோது இறுக்கம் பாதிக்குத் தளர்ந்தது, முழுசாகப் போகவில்லை.

மிச்சப் பாதி மூளையா? 1997ல் நீல்ஸ் பிர்பாமர் குழு கை இழந்து மாயவலியில் இருந்த 6 பேருக்குத் தோள்பட்டை நரம்புக் கொத்தை மரக்கச் செய்தது. 3 பேருக்கு வலி போனது, கூடவே மூளையில் நகர்ந்திருந்த வரைபடமும் உடனே பழைய இடத்துக்கு வந்தது. 3 பேருக்கு எதுவுமே மாறவில்லை. மாறாத அந்த 3 பேரைத்தான் மூளைக் கட்சி ரொம்ப நாள் சாட்சியாக வைத்திருந்தது. நரம்புக் கட்சியின் மறுப்பு: ஊசி போட்டது நரம்புக் கொத்தில், முடிச்சுகள் அதற்கும் மேலே முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அங்கே பிறக்கும் சேதியைக் கீழே போட்ட ஊசி எப்படி நிறுத்தும்? 2014ல் அட்னான் வாசோ, மார்ஷல் டெவோர் குழு கால் இழந்தவர்களுக்கு முதுகெலும்பு மட்டத்திலேயே, முடிச்சுகளும் அடங்கும்படி மரப்பு மருந்தைச் செலுத்தியது. ஊசி வேலை செய்யும் வரை வலி போய்விட்டது, பலருக்கு மாயக்கால் இருக்கிற உணர்வே போய்விட்டது. மூளை மட்டுமே தானாக வலியை உண்டாக்குகிறது என்றால் இது நடந்திருக்கக் கூடாது. அதற்காக மூளைக்கு வேலையே இல்லை என்று ஆகாது, வந்த சேதியை "நகம் குத்துகிறது" என்று கதையாக்குவது அதுதான். எண்ணெய் ஊற்றுவது கீழே, எரிவது மேலே என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிப் பயிற்சி பலிக்கிறதே என்று கேட்பீர்கள். பலிக்கிறது. 2007ல் சான் என்பவரின் குழு கால் இழந்தவர்களை மூன்று பிரிவாக்கி, கண்ணாடி, மூடிய கண்ணாடி, கண்ணை மூடிக் கற்பனை என்று தினம் 15 நிமிடம், 4 வாரம் செய்யவைத்ததில், கண்ணாடிப் பிரிவில் இருந்த 6 பேருக்கும் வலி குறைந்தது. எண்ணிக்கை சின்னது, அதனால் எல்லோருக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும் ஒரு வைத்தியம் மூளை வழியாக வேலை செய்கிறது என்பதால் நோய் மூளையில் பிறந்தது என்று ஆகிவிடாது, தலைவலி மாத்திரைக்குக் கேட்கிறது என்பதற்காக மாத்திரைக் குறைவால் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

அண்ணனுக்குச் சாக்கெட்டின் வெளிப்பக்கத்தில் அந்த இடத்தைக் குடைந்து அழுத்தம் எடுத்தோம், பகல் கரண்டு பெரும்பாலும் நின்றது. ராத்திரி இறுக்கத்துக்குக் கண்ணாடி: நல்ல காலுக்கும் ஸ்டம்புக்கும் நடுவில் நீளவாட்டில் நிறுத்தி, ஸ்டம்பு மறையும்படி வைத்து, நல்ல காலின் விரலை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும், கூடவே இல்லாத விரலையும் விரிக்க முயல வேண்டும். வேகமாகச் செய்தால் பிடிப்பு அதிகமாகும். முதல் முறை பார்த்ததும் சிலர் அழுதுவிடுவார்கள், அப்போது நிறுத்திவிட்டு இன்னொரு நாள் செய்யலாம். இவருக்கு இறுக்கம் வரும்போது செய்தால் விரல்கள் விரிவதாகச் சொல்கிறார், அது சில ராத்திரிகளில் திரும்ப வரத்தான் செய்கிறது.

நியூரோமாவை வெட்டி எடுத்துவிடலாமே என்று அவர் மச்சான் கேட்டார். வெறுமனே வெட்டினால் நுனி மறுபடி முளைக்கும், மறுபடி சுருளும். அதனால் இப்போது அந்த வெட்டு நுனியைப் பக்கத்துத் தசைக்குப் போகும் சின்ன நரம்பில் இணைத்துவிடுகிறார்கள், முளைக்கிற இழைக்குப் போய்ச்சேர ஓர் இடம் கிடைக்கட்டும் என்று. 2019ல் 28 பேரிடம் இதைப் பழைய முறையோடு ஒப்பிட்டபோது மாயவலி குறைவதில் புது முறை பக்கமே சாய்வு தெரிந்தது. அண்ணனுக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. சர்க்கரையால் கால் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இவ்வளவு சுத்தமாக வராது, கால் எடுப்பதற்கு முன்பே நரம்பு கெட்டுப்போயிருக்கும், தட்டினாலும் ஒரே இடம் என்று அகப்படாது. அவர்களிடம் ஊசிச் சோதனை பாதிக் கதைதான் சொல்லும்.