ஸ்கேன் நேராக ஃபோல்டருக்கா, மெயிலுக்கா?

நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்றை 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து, மெஷினிலிருந்தே நேராக மெயிலில் அனுப்புகிறீர்கள். பக்கத்துக்கு அரை எம்பி என்றாலும் 20 எம்பி. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி, அதனால் போய்விடும் என்று தோன்றும். ஆனால் மெயிலில் ஏறும்போது இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 என்பது 27 ஆகி, திரும்பி வரவும் கூடும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் தப்பிக்கலாம்.

திரும்பி வந்தது யாருக்குத் தெரியும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மெஷின் சர்வரிடம் கொடுத்ததுமே திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டிவிடும். முகவரியில் ஓர் எழுத்து தப்பினால், மெயில் திரும்பிய தகவல் மெஷினில் போட்டிருக்கும் அனுப்புநர் கணக்கின் இன்பாக்ஸில் போய் விழும். அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? கணினியில் பகிர்ந்த ஃபோல்டருக்கு நேராக அனுப்பும் வழியில் இந்தச் சிக்கல் இல்லை. கோப்பு எழுதப்படாவிட்டால் மெஷின் அங்கேயே பிழை காட்டும்.

ஆனால் ஃபோல்டரை ஒருமுறை ஒழுங்காக அமைக்கத்தான் பாடுபட வேண்டும். விண்டோஸ் கணினியில் ஸ்கேனுக்கென்றே தனிக் கணக்கு ஒன்று போடுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து:

```
net user scanuser * /add
```

உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுத்தால், பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளே ஸ்கேன் நின்றுவிடும். பின் நம்பரும் இங்கே செல்லாது. அப்புறம் ஃபோல்டரின் Sharing, Security என்ற இரண்டு இடத்திலும் scanuser-க்கு எழுதும் அனுமதி வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம். மெஷினில் `\\192.168.1.20\Scan` என்று கொடுத்தால், அந்த ஐபி மாறாதபடி ரவுட்டரில் நிலைநிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லையா? மெஷின் பழையது என்றால் அது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டும் பேசக்கூடும். 2017-க்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் அது இயல்பாக இருக்காது. அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் யோசனை நிறையக் கிடைக்கும், நான் செய்ய மாட்டேன். அதே 2017-இல் வானாக்ரை என்ற நாச நிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. முதலில் ஃபர்ம்வேர் அப்டேட் பாருங்கள். இல்லையென்றால் அந்த மெஷினுக்கு மெயில்தான் வழி.

மெயிலுக்கு ஜிமெயில் என்றால் smtp.gmail.com, போர்ட் 587, STARTTLS. வழக்கமான பாஸ்வேர்டை ஏற்காது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். மெஷினின் கடிகாரத்தையும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பை முறித்துவிடும்.

என் மேசையில் என்றால், தினசரி பில்களும் கனமான ஃபைல்களும் ஃபோல்டருக்கு. வெளியூரில் இருப்பவருக்கு அவசரமாக இரண்டு பக்கம் என்றால் மட்டும் மெயில். அந்த அனுப்புநர் இன்பாக்ஸை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க ஓர் ஆளையும் சொல்லி வைத்திருக்கிறேன்.