ரீசார்ஜ் ஆனாலும் ‘சந்தா முடிந்தது’: எங்கள் டிடிஎச் பெட்டியின் தீராத தொல்லை

புதிதாக டிடிஎச் இணைப்பு வாங்கவிருக்கும் நண்பர், என் பெட்டி எப்படி என்று கேட்டார். படத்துக்கும் ஒலிக்கும் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ரிமோட்டைத் தவிர எதையும் மாற்ற நேரவில்லை. ஆனால் பணம் கட்டி முடித்த கையோடு ‘சந்தா முடிந்துவிட்டது’ என்று திரையில் அது காட்டும் வாசகம்தான் பொறுக்க முடியாதது.

பணம் வந்த செய்தி நிறுவனத்தின் கணினியில் உடனே பதிவாகிவிடுகிறது. பெட்டிக்கோ அது தெரியாது. சேனல்களைத் திறக்கும் அனுமதி செயற்கைக்கோள் வழியாகத் தனியே வர வேண்டும். எல்லோருக்குமாக வரும் அனுமதிகளிலிருந்து, தனக்குள் செருகியிருக்கும் வியூயிங் கார்டின் எண்ணுக்கு உரியதை மட்டும் பெட்டி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தால் அனுமதி தவறிப்போகும். அதை மறுபடி அனுப்பச் சொல்வதே ‘ரிஃப்ரெஷ்’. ஆகவே பெட்டியை ஓடவிட்டு, கட்டணச் சேனல் ஒன்றில் நிறுத்திய பிறகே அதைக் கேட்க வேண்டும். கேட்டபின் கால் மணி நேரமாவது சேனலை மாற்றாமல் விட்டுவிடுவது நல்லது.

சென்ற முறை ஊருக்குப் போய்த் திரும்பி ரீசார்ஜ் செய்தபோது அதுவும் பலிக்கவில்லை. கட்டணமில்லாச் சேனலான டிடி தமிழ் தெளிவாக வந்ததால் டிஷ்ஷிலோ கேபிளிலோ கோளாறில்லை என்பது உறுதியாயிற்று. வாடிக்கையாளர் சேவையில் பேசியவரோ, “இன்னொரு முறை ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார்” என்பதையே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மெனுவில் பெட்டியின் விவரப் பக்கத்தைத் திறந்தபோது, கார்டு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பெட்டியால் கார்டையே படிக்க முடியாதபோது எத்தனை அனுமதி வந்தும் என்ன பயன்? இதை முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான்.

மின்சாரத்தை அணைத்து, கார்டை உருவி, பொன்னிறத் தகட்டில் படிந்திருந்த மங்கலை உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தேன். எங்கள் பெட்டியில் தகடு கீழே பார்த்திருக்க வேண்டும். அப்படியே இறுதிவரை செருகி இயக்கியதும் எண் தோன்றியது. ரீசார்ஜ் ரசீதிலிருந்த எண்ணோடு அதை ஒப்பிட்டுக்கொண்டேன். அவை வேறுபட்டால் பணம் இன்னொருவர் கணக்குக்குப் போயிருக்கும், அதை எந்த ரிஃப்ரெஷும் சரிசெய்யாது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மறுபடி ரிஃப்ரெஷ் கேட்டேன். சற்று நேரத்தில் சேனல்கள் திறந்தன.

பெட்டி நல்லதுதான், விலையும் இப்போது குறைந்திருக்கிறது என்கிறார்கள். இருந்தும் நண்பரிடம், “வேண்டாம், வேறு பாருங்கள்” என்றே சொல்லிவிட்டேன்.