ஏஜென்ட் ராஜினாமா கடிதத்தை நம்பி மூன்று தவணை ஏமாந்தோம்: காரைக்குடி பக்கம் இருப்பவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

நான் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். சீப்புச் சீடை, மணகோலம், கை முறுக்கு, அதிரசம். கல்யாண வீடுகளுக்கு ஆர்டர் எடுப்பேன். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். அவர் பெயரில் 2013 ஜூலையில் 5 லட்சத்துக்கு ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசி போட்டோம். 20 வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, தவணைக்கு 13,150 ரூபாய். கம்பெனி பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே எழுதப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் அண்ணன் பத்து வருடம் ஒழுங்காகவே பார்த்துக்கொண்டார். ஜனவரியிலும் ஜூலையிலும் வீட்டுக்கு வருவார், பணத்தை வாங்கிப் போவார், இரண்டு நாளில் கம்பெனி ரசீதைக் கொண்டுவந்து கொடுப்பார். 2023 மே மாதம் கூடவே இன்னொருவரை அழைத்து வந்தார். "ஆத்தா, எனக்கு உடம்பு முடியல, ஏஜென்சியை விடுறேன். இனிமே இந்தத் தம்பிதான் உங்களைப் பார்ப்பாரு. நம்ம ஆபீஸ்தான், பயப்படாதீங்க" என்று சொல்லி ஒரு கடிதத்தைக் காட்டினார்.

இதை எழுதுவதே அந்தக் கடிதத்துக்காகத்தான். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு பக்கம். மேலே "பெறுநர்: கிளை மேலாளர்" என்று இருந்தது. சொந்தக் காரணங்களால் ஏஜென்சியை ராஜினாமா செய்வதாக முதல் பத்தி. இணைப்பில் உள்ள வாடிக்கையாளர்களை இன்னாரிடம் ஒப்படைப்பதாக இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தியில், "தவணைத் தொகையை இனி அவரிடமே கொடுக்கலாம்" என்று ஒரு வரி. பின்னால் குத்தியிருந்த இரண்டு தாளில் 63 பேரின் பெயர், பாலிசி நம்பர், தவணைத் தேதி, போன் நம்பர், நாமினி பெயர். என் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டு எனக்கும் ஒரு நகல் கொடுத்தார். கிளை மேலாளர் பெயர் மேலே இருந்ததால் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாற்றம் என்று நினைத்துவிட்டேன். கிளையின் முத்திரை இல்லை, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து இல்லை என்பதெல்லாம் அன்றைக்குக் கண்ணில் படவே இல்லை.

2023 ஜூலை, 2024 ஜனவரி, 2024 ஜூலை என்று மூன்று தவணை அந்தத் தம்பியிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சின்னச் சீட்டில் தொகை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பெனி ரசீது எங்கே என்று கேட்டால், "அக்கா, இப்ப எல்லாம் ஆன்லைன், பேப்பர் ரசீது வராது" என்பார். பற்று வரவு எழுதாமல் பத்து ரூபாய் கூடக் கைமாறாத ஊர் இது. இருந்தும் இந்தப் பதிலுக்கு நான் தலையாட்டிவிட்டேன்.

2024 அக்டோபரில் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாலிசி மேல் கடன் கேட்கலாம் என்று கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "2023 ஜூலையில இருந்து கட்டலையேம்மா, பாலிசி லாப்ஸ் ஆகியிருக்கே" என்றார். மூன்று சீட்டையும் எடுத்து நீட்டினேன். அதில் பாலிசி நம்பரே இல்லை என்பதை அவர்தான் காட்டினார்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

அந்த அண்ணன் ராஜினாமா கொடுத்தது உண்மை. ஆனால் கிளைக்கு அவர் கொடுத்த கடிதத்தில் இருந்தது முதல் பத்தி மட்டும். 63 பேர் பட்டியலும் அங்கே போகவில்லை, பணத்தைப் புதியவரிடம் கொடுக்கலாம் என்ற வரியும் போகவில்லை. எங்களுக்குக் காட்டியது தனியாக அடித்த தாள். போயிருந்தாலும் அந்த வரிக்கு மதிப்பு கிடையாது என்று மேலாளர் சொன்னார். பாலிசி நமக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அதை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை. அவர் விலகினால் நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கம்பெனியில் திருப்பிக் கொடுக்க வேண்டும், கம்பெனி 15 நாளுக்குள் அவருக்கு விலகல் சான்று தர வேண்டும். அதன் பிறகு அந்தப் பாலிசிகளை யார் கவனிப்பது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். அந்த முடிவு கம்பெனி ரெக்கார்டில் இருக்க வேண்டும். எங்கள் பாலிசி ரெக்கார்டில் பழைய அண்ணனின் ஏஜென்சி கோடு நம்பர்தான் கிடந்தது. புதியவரின் பெயர் எங்கேயும் இல்லை.

இதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும். இந்த மாதிரிப் பாலிசியில் வருகிற தவணைக் கமிஷன் சுமார் 5 சதவீதம், எங்கள் தவணைக்கு 650 ரூபாய் போல. கோடு மாறாததால் அந்தக் கமிஷன் புதியவருக்குப் போகாது. ஒரு பைசா வருமானம் இல்லாத பாலிசிக்கு ஒருவர் வெயிலில் வண்டி ஓட்டி வீடு வீடாக வந்து ஏன் பணம் வாங்குவார்? பழைய அண்ணனைப் போய்க் கேட்டபோது, பட்டியலுக்காகப் புதியவரிடம் 40,000 வாங்கியதாக ஒப்புக்கொண்டார். எங்கள் நாமினி பெயர் வரைக்கும் விற்றிருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்தது செல்போன் நம்பர். ஒன்றே கால் வருடம் கம்பெனியிலிருந்து எங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை. ஏனென்றால் பாலிசி போட்ட நாளிலேயே விண்ணப்பத்தில் அந்த அண்ணன் தன் சொந்த நம்பரை எழுதிவிட்டார். தவணை நினைவூட்டல், கட்டவில்லை என்ற அறிவிப்பு எல்லாம் அவருக்குப் போனது, ஏஜென்சியை விட்டவர் எதையும் பார்க்கவில்லை. தபால் பள்ளத்தூரில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது.

இதில் நாங்கள் இழந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். மொத்தம் 40 தவணை. 2023 ஜனவரி வரை 20 கட்டியிருந்தோம். அரையாண்டுத் தவணைக்கு 30 நாள் சலுகை உண்டு, அது தாண்டினால் முழுக் காப்பு நின்றுவிடும். பல வருடம் கட்டிய பாலிசி என்பதால் அடியோடு போகவில்லை. கட்டிய தவணைக்கு ஏற்றபடி சுருங்கி நிற்கும். 40-ல் 20 என்றால் பாதி, அதாவது 5 லட்சம் 2.5 லட்சம் ஆகிவிட்டது, அதுவரை சேர்ந்த போனஸ் தனி. மதுரையில் அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று எங்கள் குடும்பத்துக்கு இருந்த காப்பு அவ்வளவுதான். 5 லட்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

புதுப்பிக்கலாம் என்றார்கள். எங்கள் பாலிசிக்கு 5 வருட அவகாசம் இருந்தது (உங்களுக்கு எவ்வளவு என்பது பத்திரத்திலேயே இருக்கும்). நிலுவையை வட்டியோடு கட்ட வேண்டும், கூடவே உடல்நிலை பற்றிப் புதிதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும், மருத்துவச் சோதனையும் உண்டு. ஸ்டென்ட் வைத்ததை மறைக்காமல் எழுதினோம். புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். கையில் பணத்தோடு கவுன்டர் முன்னால் நின்றும் பயன் இல்லை. லாப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பிக்க முடிந்தவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி 3 வருடம் தாண்டிய பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. புதுப்பித்தால் அந்த 3 வருடம் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும்.

ஏஜென்ட் வாங்கியது கம்பெனி வாங்கியது போலத்தானே என்று சண்டை போட்டேன். பணம் வாங்கும் ஏஜென்ட் 24 மணி நேரத்துக்குள், விடுமுறை நாள் நீங்கலாக, கம்பெனியில் செலுத்த வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பணம் வசூலிக்க ஏஜென்டுக்கு அதிகாரம் தரவில்லை என்று கம்பெனி சொல்கிறது. ஒரு வக்கீல் 1997-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். ஆயுள் காப்பீட்டுக் கழகப் பாலிசி வைத்திருந்த ஒருவர் தவணைக்கான செக்கை ஏஜென்டிடம் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் அதை மாற்றிக்கொண்டு, அவர் விபத்தில் இறந்த பிறகுதான் கழகத்தில் பணத்தைக் கட்டியிருக்கிறார். வசூலிக்கும் அதிகாரம் அந்த ஏஜென்டுக்கு இல்லாததால் அது கழகத்துக்குக் கட்டியதாக ஆகாது என்று தீர்ப்பு. ரசீது வராத ரொக்கத்துக்கு நாம்தான் பொறுப்பு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போலீஸில் மனு கொடுத்த பிறகு, சீட்டில் இருந்த கையெழுத்தை மறுக்க முடியாமல் அந்தத் தம்பி 39,450 ரூபாயை இரண்டு தடவையாகத் திருப்பிக் கொடுத்தார். போன காப்பு திரும்பவில்லை. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளத்திலும் பதிந்தேன் (bimabharosa.irdai.gov.in, போனில் 155255). கம்பெனி பதில் திருப்தியாக இல்லாததால் சென்னையில் உள்ள காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் ஏஜென்டும் இப்படி ஒரு கடிதத்தோடு வந்தால், வாங்கி வைத்துக்கொண்டு, பணம் கொடுக்காமல், பாலிசி நம்பரோடு நேரே கிளைக்குப் போங்கள். பாலிசியின் நிலவரத்தை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். முதலில் கட்டாத தவணைத் தேதி என்ன, யாருடைய கோடு இருக்கிறது, யாருடைய செல் நம்பர் இருக்கிறது, எந்த முகவரி, யார் நாமினி என்று அங்கேயே நின்று பாருங்கள். நம்பர் உங்களுடையதாக இல்லாவிட்டால் அன்றே மாற்றிவிட்டு வாருங்கள். பணத்தைக் கவுன்டரிலோ உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தோ கட்டுங்கள். சரியான ரசீதில் பாலிசி நம்பர், எந்தத் தவணைக்கு, அடுத்த தவணை எப்போது என்று மூன்றும் இருக்கும்.

என்னிடம் இருக்கும் நகலில் 63 பெயர் இருக்கிறது. இதுவரை 19 வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். 11 பேருக்குப் பதிந்திருந்தது அந்த அண்ணனின் நம்பர்தான். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சியின் பாலிசிப் பத்திரமே அந்த அண்ணன் வீட்டுப் பீரோவில் இருந்தது, நானும் கூடப் போய் வாங்கிக் கொடுத்தேன். தேவகோட்டை பக்கத்து ஆட்கள் சிலருடைய நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. 2023-ல் இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக் காலையிலேயே கிளைக்குப் போய்விடுங்கள்.